கௌலூன் 2079, மழை இரவு: அட்டைப்படத்துக்கான பிராம்ப்ட்

செங்குத்துப் படம், 2:3 விகிதம். சிறுகதைத் தொகுப்பின் முன்னட்டைக்கு. மேலே ஐந்தில் ஒரு பங்கு வெறும் இருண்ட வானமாக இருக்கட்டும், தலைப்பை அங்கே நான் பிறகு வைத்துக்கொள்கிறேன். ஓவியம் மாதிரி வேண்டாம், ஒளிப்படம் மாதிரி வேண்டும்.

இடம்: ஹாங்காங், கௌலூனின் நாதன் சாலை. இரவு பதினொரு மணி. கொட்டித் தீர்த்த மழை இப்போது தூறலாகிவிட்டது. நடைபாதை ஓரமாக நிற்கும் ஆளின் கண்மட்டத்தில், தரையிலிருந்து 1.6 மீட்டரில் கேமரா. 28 மி.மீ. லென்ஸ், அண்ணாந்து பார்க்காமல் நேராக. கட்டடங்கள் பின்பக்கம் சாயக் கூடாது.

இரு பக்கமும் ஆறேழு மாடிப் பழைய கட்டடங்கள், கீழே கடை, மேலே வீடு. ஜன்னலுக்கு ஜன்னல் ஏசி பெட்டி, துருப்பிடித்த கம்பி, எடுக்க மறந்து நனைந்துபோன துணி. இவற்றுக்குப் பின்னால்தான் 2079இன் கோபுரங்கள், பாதிக்கு மேல் மேகத்தில் மறைந்து. பழையதை இடித்துவிட்டு எல்லாவற்றையும் கண்ணாடியாக்கிவிட வேண்டாம், ஊர் அடையாளமே போய்விடும்.

சாலையில் 30 மீட்டர் தூரத்தில் இரட்டை மாடிப் பேருந்து ஒன்று, இடப்பக்கப் போக்குவரத்தில். உயரம் 4.4 மீட்டர், அதாவது படத்தின் உயரத்தில் ஒன்பதில் ஒரு பங்கு. இதுதான் அளவுகோல். மற்ற எல்லாமே இதை வைத்துத்தான்.

பறக்கும் வண்டிகளுக்கு வருவோம். முதல் முயற்சியில் ஒவ்வொன்றும் கப்பல் மாதிரி வந்தது, ஒரு வண்டி நான்கு மாடியை மறைத்தது. இந்த முறை ஒரு வண்டியின் நீளம் 6 மீட்டர், பேருந்தில் பாதி. உயரம் 2 மீட்டர், ஒரு மாடியைவிடக் குறைவு. அருகில் ஒன்றே ஒன்று: 40 மீட்டர் தள்ளி, நான்காம் மாடி மட்டத்தில், முக்கால் பக்கம் தெரியும்படி. படத்தின் அகலத்தில் எட்டில் ஒரு பங்குதான் அது. ஒரு விளம்பரப் பலகையின் விளிம்பு அதன் வாலை லேசாக மறைக்கட்டும். அடிவயிற்றில் கீழே எரியும் சிவப்பு விளக்கின் வெளிச்சம் படிய வேண்டும். நான்கு மூலைகளிலும் விசிறிகள். அவற்றின் காற்றில் தூறல் வெளிப்பக்கமாகச் சிதறுகிறது, நேர் கீழே உள்ள கடையின் தார்ப்பாய் புடைக்கிறது. 120 மீட்டர் தூரத்தில், பன்னிரண்டாம் மாடி உயரத்தில் இன்னும் மூன்று, விரல்நகம் அளவு, ஈரக்காற்றில் நிறம் மங்கி. அதற்கப்பால் வண்டியே தெரிய வேண்டாம், வெறும் விளக்குப் புள்ளிகள், ஒரே வரிசையில். மொய்க்கும் ஈக்கூட்டம் வேண்டாம்.

கை டக் விமான நிலையம் 1998இல் மூடப்படும்வரை இதே கௌலூன் கூரைகளுக்கு மேல் ஜெட் விமானங்கள் தாழப் பறந்து இறங்கின. அப்போது எடுத்த படங்களில் விமானம் அவ்வளவு பெரிதாகத் தெரிவதற்குக் காரணம், பக்கத்திலேயே மொட்டைமாடி ஆன்டெனாவும் துணிக்கொடியும் இருப்பதுதான். இங்கேயும் அருகிலுள்ள வண்டிக்குப் பக்கத்தில் ஒரு ஜன்னல், அதில் ஒரு ஆள்.

நியான் பலகைகள் சுவரோடு ஒட்டாமல் இரும்புச் சட்டத்தில் சாலைக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். கையால் வளைத்த மெல்லிய கண்ணாடிக் குழாய்கள். செம்மஞ்சளே அதிகம், நியான் வாயுவின் சொந்த நிறம் அதுதான். கொஞ்சம் நீலம், ஓரிரு பச்சை. எங்கும் ரோஸும் ஊதாவுமாக வேண்டாம், பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது. எழுத்துகள் கோணல்மாணலாக வருவதால் உருவங்களை வைக்கவும்: நாணயத்தைக் கவ்விய வௌவால் (அங்கே அடகுக்கடை அடையாளம்), ஒரு சேவல், ஒரு மூக்குக்கண்ணாடி. வௌவாலின் ஒரு சிறகில் பாதிக் குழாய் அணைந்திருக்கட்டும். எழுத்துள்ள பலகைகள் தூரத்தில் மங்கலாக.

தார்ச்சாலையைக் கண்ணாடியாக்க வேண்டாம். சொரசொரப்பான ஈரத்தில் ஒவ்வொரு விளக்கும் நம்மை நோக்கி நீண்ட செங்குத்துக் கோடாக இழுபட வேண்டும். உருவம் தலைகீழாகத் தெளிவாகத் தெரிவது தேங்கிய நீரில் மட்டும். கேமராவிலிருந்து ஐந்து மீட்டரில் ஒரு குட்டை, அதில் அருகிலுள்ள வண்டியின் அடிப்பாகம். மேலே இருக்கும் அதே அளவில், பக்கவாட்டில் நகராமல் நேர் கீழே. தூறல் துளிகள் விளக்குக்கு முன்னால் மட்டும் மெல்லிய கோடுகளாகத் தெரியட்டும், இருட்டுப் பகுதியில் தெரிய வேண்டாம்.

குட்டைக்கு அருகே, படத்தின் வலது ஓரத்தில், ஐம்பது வயதுப் பெண் ஒருத்தி குடையை மடக்கி நீரை உதறுகிறாள். தலைக்கு மேல் வண்டி போகிறது. அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.