வங்கிக் கடன் விண்ணப்பத்துக்கு ஆதரவுக் கடிதம் வேண்டுதல்

அனுப்புநர்
உரிமையாளர்,
அட்டைப்பெட்டித் தயாரிப்பு நிறுவனம்.

பெறுநர்
நிர்வாக இயக்குநர்,
பம்பு உதிரிப் பாகங்கள் உற்பத்தி மற்றும் ஏற்றுமதி நிறுவனம்.

நாள்: 03.03.2025

பொருள்: புதிய பிரிண்டர் ஸ்லாட்டர் இயந்திரம் வாங்குவதற்கான காலக் கடன் விண்ணப்பத்துடன் இணைப்பதற்குத் தங்கள் நிறுவனத்தின் ஆதரவுக் கடிதம் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். கடந்த ஒன்பது ஆண்டுகளாகத் தங்கள் நிறுவனத்துக்கு மூன்று அடுக்கு, ஐந்து அடுக்கு அட்டைப்பெட்டிகளைத் தயாரித்து வழங்கிவருகிறோம். இப்போது எங்கள் கூடத்தில் தாளைக் கையால் செலுத்தி இயக்கும் பழைய இயந்திரத்துக்குப் பதிலாக, தானாகவே தாளை இழுத்துக்கொண்டு அச்சிடுதலையும் ஸ்லாட் வெட்டுதலையும் ஒரே ஓட்டத்தில் முடிக்கும் இயந்திரம் ஒன்றை வாங்க முடிவு செய்து, எங்கள் வங்கியில் காலக் கடனுக்கு விண்ணப்பிக்கிறோம். அந்த விண்ணப்பத்துடன் இணைப்பதற்காகத் தங்கள் நிறுவனத்திடமிருந்து ஓர் ஆதரவுக் கடிதம் வழங்கி உதவுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இயந்திரத்தின் விலையில் கால் பங்கை நாங்களே செலுத்துகிறோம். மீதத்தை 60 மாதத் தவணைகளில் திருப்பிச் செலுத்தக் கேட்டிருக்கிறோம். கடந்த மூன்று ஆண்டுகளின் தணிக்கை செய்யப்பட்ட கணக்குகள், வரி விவரங்கள், இயந்திரத்துக்கான விலைப்புள்ளி ஆகியவற்றை ஏற்கெனவே கொடுத்துவிட்டோம். அவற்றைப் பார்த்த கடன் பிரிவு அதிகாரி எழுப்பிய கேள்வி ஒன்றுதான்: உற்பத்தித் திறன் இரட்டிப்பாகும்போது, கூடுதலாக வரும் பெட்டிகளை வாங்குவதற்கு ஆள் இருக்கிறதா? கணக்கேடுகள் கடந்த காலத்தைத்தான் காட்டும். இனி வரும் தேவையைப் பற்றி நாங்கள் சொல்வது, கடன் கேட்பவரின் நம்பிக்கையாக மட்டுமே அவருக்குத் தெரியும். பெட்டியை வாங்கிப் பயன்படுத்தும் தாங்கள் சொன்னால் அது சான்றாகும். எனவேதான் இந்தக் கடிதத்தைப் பிற இணைப்புகளைவிட முக்கியமானதாகக் கருதுகிறேன்.

கடிதத்தில் என்னென்ன இடம்பெற்றால் பயன்படும் என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் பொதுவான பாராட்டு வரிகளை வங்கி பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. எத்தனை ஆண்டுகளாக எங்களிடம் வாங்குகிறீர்கள், என்ன வகைப் பெட்டிகளை வாங்குகிறீர்கள், மாதத்துக்குச் சராசரியாக எத்தனை என்பவை முதலில் வரலாம். எங்கள் பதிவேட்டின்படி அந்தச் சராசரி 20,000 பெட்டிகள். தங்கள் கொள்முதல் பிரிவின் கணக்கோடு ஒப்பிட்டு, அங்கே உள்ள எண்ணையே எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன். அடுத்து, கப்பலேற்றம் மிகும் நான்கு மாதங்களில் தங்கள் தேவை 32,000 வரை உயர்கிறது என்பதையும், எங்கள் பழைய இயந்திரத்தால் தங்களுக்கு 24,000க்கு மேல் ஒதுக்க முடியாததால் எஞ்சியவற்றைத் தாங்கள் வேறிடத்தில் வாங்க வேண்டியிருக்கிறது என்பதையும் அவசியம் குறிப்பிட வேண்டுகிறேன். அது எங்கள் நிறுவனத்தின் குறையாகத் தெரியுமோ என்று தாங்கள் தயங்க வேண்டியதில்லை. இன்று கைநழுவிப் போகும் அந்த 8,000 பெட்டிகள்தான் புதிய இயந்திரத்துக்கான தேவையை உள்ளபடி காட்டுகின்றன. அதை மறைத்து எழுதப்படும் கடிதம் எங்கள் விண்ணப்பத்தின் வலுவையே குறைத்துவிடும்.

தரத்தைப் பற்றி எழுதுவதானால், தங்கள் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவு ஒவ்வொரு சரக்கிலும் மாதிரி எடுத்துச் செய்யும் வெடிப்புத் திறன் சோதனையைக் குறிப்பிடலாம். வார்ப்பிரும்புப் பாகங்களின் எடையைத் தாங்கி, வெடித்துக் கிழியாமல் இருக்க வேண்டிய பெட்டிகள் அவை என்பதைப் பெட்டித் தொழில் அறியாத ஒருவருக்குப் புரியவைக்க அந்த ஒரு வரி போதும்.

வரும் ஆண்டுகளின் தேவையைப் பற்றித் தங்களுக்கு இன்று தெரிந்த அளவில் மட்டும் எழுதினால் போதும். இத்தனை பெட்டிகளைக் கட்டாயம் வாங்குவோம் என்ற உறுதிமொழியை நான் கேட்கவில்லை. தரமும் விலையும் இப்போதுள்ளபடி ஏற்கத்தக்கவையாக இருக்கும் வரை தொடர்ந்து வாங்கவும், உச்ச மாதங்களின் கூடுதல் தேவைக்கு எங்களை முதலில் கருதவும் விரும்புகிறீர்கள் என்பது தங்கள் உண்மையான எண்ணமாக இருந்தால், அதை அப்படியே எழுதலாம். அவ்வாறு இல்லையெனில் அந்தப் பகுதியை விட்டுவிடலாம். மேலே சொன்ன மற்ற விவரங்களே பெரிதும் உதவும்.

இந்தக் கடிதம் எந்த வகையிலும் ஜாமீன் ஆகாது என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுவது என் கடமை. ஜாமீன் கையெழுத்து என்றால், நாங்கள் தவணை கட்டத் தவறும்போது அந்தப் பொறுப்பு தங்கள் மீது விழும். ஆதரவுக் கடிதத்தை நாங்கள் அப்படிப்பட்ட பொறுப்பு எதையும் ஏற்படுத்தாத ஒன்றாகவே கேட்கிறோம். ஐயத்துக்கு இடமில்லாதிருக்க, கடிதத்தின் இறுதியில் பின்வரும் வாக்கியத்தைச் சேர்த்துக்கொள்ளுமாறு நானே பரிந்துரைக்கிறேன்: “இக்கடிதம் எங்கள் வணிகத் தொடர்பைப் பற்றிய தகவலுக்காக மட்டுமே வழங்கப்படுகிறது; கடனுக்கோ அதைத் திருப்பிச் செலுத்துவதற்கோ எங்கள் நிறுவனம் எவ்வித உத்தரவாதமும் அளிக்கவில்லை.” தங்கள் சட்ட ஆலோசகர் இதை வேறு விதமாக எழுத விரும்பினால், அதையும் முழு மனதுடன் ஏற்றுக்கொள்கிறேன்.

எங்கள் மொத்த விற்பனையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தங்கள் நிறுவனத்துக்கே செல்கிறது. ஒரே வாடிக்கையாளரை இவ்வளவு சார்ந்திருப்பதை வங்கி கவலையோடு பார்க்கக்கூடும் என்பதால், மேலும் இரண்டு வாடிக்கையாளர்களிடமும் இத்தகைய கடிதங்களைக் கேட்டிருக்கிறேன். மூன்றும் ஒரே அச்சில் வார்த்தவை போல இருக்கக் கூடாது என்பதற்காகவே ஆயத்த வரைவு எதையும் இத்துடன் அனுப்பவில்லை. தங்கள் சொற்களிலேயே, ஒரு பக்கத்துக்குள் அமைந்தால் போதும்.

கடிதம் தங்கள் நிறுவனத்தின் பெயர் அச்சிட்ட தாளில், வங்கிக் கிளை மேலாளருக்கு முகவரியிட்டு, நாள், கையொப்பமிடுபவரின் பதவி, நிறுவன முத்திரை ஆகியவற்றுடன் இருக்க வேண்டும். கொள்முதல் விலையைக் குறிப்பிட வேண்டியதில்லை. தங்கள் கொள்முதல் அளவுகளை இந்த ஒரு விண்ணப்பத்துக்கு மட்டுமே பயன்படுத்துவோம். வங்கியைத் தவிர வேறு எவருக்கும், குறிப்பாக எங்கள் பிற வாடிக்கையாளர்களுக்கும் இயந்திர விற்பனையாளருக்கும், அவற்றைத் தெரிவிக்க மாட்டோம். விவரங்களைச் சரிபார்க்க வங்கியிலிருந்து தங்கள் அலுவலகத்துக்குத் தொலைபேசி வரக்கூடும். அதற்குப் பதிலளிக்கத் தாங்கள் யாரை நியமிக்கிறீர்கள் என்பதைத் தெரிவித்தால், அவர் பெயரை மட்டும் வங்கிக்குக் கொடுக்கிறேன்.

விண்ணப்பம் இம்மாதம் 24ஆம் தேதி கடன் குழுவின் முன் வைக்கப்படுகிறது. எனவே 18ஆம் தேதிக்குள் கடிதம் கிடைத்தால், திருத்தம் ஏதேனும் தேவைப்பட்டாலும் செய்துகொள்ள நேரம் இருக்கும். நானே நேரில் வந்து பெற்றுக்கொள்கிறேன்.

தங்கள் நிறுவனத்தின் கொள்கை காரணமாகவோ வேறு காரணத்தாலோ கடிதம் வழங்க இயலாவிட்டால், 12ஆம் தேதிக்குள் ஒரு வரியில் தெரிவித்தால் நன்றியுடையவனாக இருப்பேன். மாற்று ஏற்பாடு செய்துகொள்ள அது உதவும். நடப்பிலுள்ள ஆர்டர்களையோ பெட்டிகளின் விலையையோ அந்த முடிவு எள்ளளவும் பாதிக்காது.

தங்கள் மேலான பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)
உரிமையாளர்

இணைப்பு: இயந்திரத்தின் விலைப்புள்ளி நகல், கடந்த 24 மாதங்களில் தங்கள் நிறுவனத்துக்கு அனுப்பிய பெட்டிகளின் மாதவாரிப் பட்டியல்.