தெளிவான சம்மதமின்றித் திரட்டிய என் விவரங்களை அழிக்கக் கோரும் கடிதம்

மதுரை,
12.01.2026

அனுப்புநர்
இரா. கவிதா,
கோ.புதூர், மதுரை.

பெறுநர்
குறைதீர்ப்பு அலுவலர் அவர்கள்,
தனியுரிமைப் பிரிவு.

பொருள்: முழு உடல் பரிசோதனை முன்பதிவுப் படிவத்தில் எடுக்கப்பட்ட என் விவரங்களை அழித்தல் தொடர்பாக.

ஐயா / அம்மா,

05.01.2026 அன்று மாலை 7.10 மணியளவில், பரிசோதனைக் கட்டணத்தைத் தெரிந்துகொள்வதற்காகத் தங்கள் இணையதளத்தின் படிவத்தைத் திறந்தேன். பெயர், கைபேசி எண், பிறந்த தேதி ஆகியவற்றைக் கொடுத்து, "ஏற்கெனவே உள்ள நோய்கள்" என்ற இடத்தில் நீரிழிவைத் தேர்ந்தெடுத்து "அடுத்து" என்பதை அழுத்தினேன். மூன்றாம் பக்கம் வந்ததும் மூடிவிட்டேன். "உறுதிசெய்" பொத்தானைத் தொடவில்லை. பணமும் கட்டவில்லை.

அரை மணி நேரத்துக்குள் மூன்று எண்களிலிருந்து அழைப்பு வந்தது. மூன்றாவதாக அழைத்தவர் வேறொரு ஆய்வகத்தின் சார்பில் பேசுவதாகச் சொல்லிவிட்டு, "சுகர் இருக்குன்னு போட்டிருக்கீங்களே மேடம்" என்றார்.

மறுநாள் சோதனைப் பெயரையும் இல்லாத எண்ணையும் இட்டு, உலாவியின் நெட்வொர்க் பகுதியைத் திறந்துவைத்துப் பார்த்தேன். இரண்டாம் பக்கத்தில் "அடுத்து" அழுத்தியதுமே தங்கள் சர்வருக்கு இது போகிறது:

```
POST /api/lead/partial
{"name":"Test","phone":"0000000000",
 "dob":"1980-01-01","condition":["diabetes"],"step":2}
```

சம்மதம் கேட்கும் கட்டம் இருப்பதோ மூன்றாம் பக்கத்தின் அடியில், சாம்பல் நிற எழுத்தில். அதிலும் முன்கூட்டியே டிக் போடப்பட்டிருக்கிறது. சம்மதம் கேட்பதற்கு முன்பே விவரம் போய்ச் சேர்ந்துவிடுவதால், அந்த டிக்கைச் சம்மதமாகக் காட்ட வழியில்லை.

தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் பிரிவு 43ஏ-யின் கீழ் வந்த 2011-ஆம் ஆண்டு விதிகளின்படி, உடல்நல நிலை உணர்திறன்மிக்க தனிப்பட்ட தரவு. அதைத் திரட்ட எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்கிறது விதி 5(1). வெளியாருக்குக் கொடுக்க முன் அனுமதி வேண்டும் என்கிறது விதி 6. சம்மதம் இருந்ததாகத் தாங்கள் கருதினாலும், விதி 5(7)-இன்படி இக்கடிதத்தின் மூலம் அதைத் திரும்பப் பெறுகிறேன். 2023-ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் அழிப்புரிமை இன்னும் நடைமுறைக்கு வரவில்லை என்பது எனக்குத் தெரியும். இக்கோரிக்கை அதை நம்பி எழுதப்பட்டதல்ல.

அழிக்க வேண்டியவை: என் பெயர், 4417-இல் முடியும் கைபேசி எண், பிறந்த தேதி, நோய் விவரம். இவை முதன்மைத் தரவுத்தளத்தில் மட்டும் இருக்காது. வாடிக்கையாளர் விவரங்களைப் பேணும் சிஆர்எம் பதிவு, டெலிகாலர்களுக்குப் போகும் எக்செல் பட்டியல், வாட்ஸ்அப் விளம்பரப் பட்டியல், விளம்பரத் தளங்களில் ஏற்றிய வாடிக்கையாளர் பட்டியல் ஆகிய எல்லா இடங்களிலும் நீக்க வேண்டும். கணக்கை முடக்குவதும் குறுஞ்செய்தியை நிறுத்துவதும் அழிப்பாகாது. காப்புப் பிரதியிலிருந்து உடனே எடுக்க முடியாவிட்டால், அது எந்தத் தேதியில் மேலெழுதப்படும் என்று தெரிவியுங்கள். நான் எதையும் வாங்கவில்லை. ஆகவே பில், வரிக்கணக்கு என்று சொல்லி வைத்துக்கொள்ளவும் இடமில்லை.

ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளச் சம்மதிக்கிறேன். எண்ணை முழுக்க அழித்துவிட்டால், அடுத்த வாரம் ஏதோ ஒரு பழைய பட்டியலை ஏற்றும்போது அது மீண்டும் உள்ளே வந்துவிடும். அதைத் தடுக்க, "தொடர்புகொள்ளக் கூடாது" பட்டியலில் எண்ணிலிருந்து கணக்கிட்ட குறியீடான ஹாஷ் வடிவத்தை மட்டும் வைக்கலாம். வேறு எதற்கும் அதைப் பயன்படுத்தக் கூடாது.

விவரங்கள் யார் யாருக்குக் கொடுக்கப்பட்டன, எந்தத் தேதியில் என்ற பட்டியலும், அவர்களிடமும் அழிக்கச் சொன்னதற்கான உறுதியும் எனக்கு வேண்டும்.

நான்தான் என்று சரிபார்க்க அந்த எண்ணுக்கே ஓடிபி அனுப்புங்கள், போதும். ஆதார், பான் நகல் எதையும் அனுப்ப மாட்டேன். அழிக்கக் கேட்கும் இடத்தில் புதிதாக இன்னொரு ஆவணத்தைக் கொடுப்பது பொருந்தாது.

விதி 5(9) தங்களுக்குத் தரும் காலம், கடிதம் கிடைத்த நாளிலிருந்து ஒரு மாதம். அதற்குள் எழுத்துமூலப் பதில் வராவிட்டால், சட்டத்தின் பிரிவு 46-இன்படி மாநிலத் தீர்ப்பளிக்கும் அலுவலரிடம் இழப்பீடு கோரி விண்ணப்பிப்பேன். பதிலை இக்கடிதம் வந்த மின்னஞ்சல் முகவரிக்கே அனுப்புங்கள், தொலைபேசியில் வேண்டாம்.

இப்படிக்கு,
இரா. கவிதா

இணைப்பு: படிவத்தின் மூன்று பக்கங்களின் திரைப்பிடிப்பு, நெட்வொர்க் பதிவின் திரைப்பிடிப்பு, 05.01.2026 அழைப்புப் பட்டியல் (தொடர்பில்லாத எண்கள் மறைக்கப்பட்டுள்ளன).