நாலம்பல பஸ் டூர்: அறுபதைத் தாண்டியவர்கள் போகலாமா?

போன ஆடி இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை கொழிஞ்சாம்பாறையிலிருந்து நாலம்பல யாத்திரை பஸ்ஸில் நானும் வீட்டுக்காரியும் போய் வந்தோம். எனக்கு 71, அவளுக்கு 67, இரண்டு முழங்காலும் தேய்மானம். பஸ்ஸில் 41 பேர். அதில் 26 பேர் அறுபதுக்கு மேல். தலைக்கு 1,150 ரூபாய், காலை டிபனும் மதியச் சாப்பாடும் சேர்த்து. வழிபாடு ரசீது நம் செலவு. நடத்துகிறவர் நம்ம பக்கத்து ஆள்தான். கீழே எழுதியிருக்கும் குறைகளையெல்லாம் அவர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டேன் என்பதால் பெயரைப் போடவில்லை.

தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. திருப்ரயாரில் ராமன், இரிஞ்ஞாலக்குடை கூடல்மாணிக்கத்தில் பரதன், மூழிக்குளத்தில் லட்சுமணன், பாயம்மலில் சத்ருக்னன். கர்க்கடக மாதத்தில், அதாவது நம்ம ஆடியில், இந்த நாலையும் இதே வரிசையில் ஒரே நாளில் உச்சபூஜைக்கு முன் தொழுவது வழக்கம். வயசானவர்களுக்குச் சிக்கல் தொடங்குவதே இந்த வரிசையில்தான். பாயம்மல் இரிஞ்ஞாலக்குடைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் வரிசைப்படி மூழிக்குளம் போய்விட்டுத்தான் அங்கே திரும்பி வர வேண்டும். மூழிக்குளமோ சாலக்குடி ஆற்றங்கரையில், எர்ணாகுளம் ஜில்லாவில். போகவர அறுபது கிலோமீட்டர் கிட்டத்தட்ட. அதையும் மதியத்துக்குள் முடிக்க வேண்டும் என்றால் வண்டி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், நாமும் ஓட வேண்டும்.

ராத்திரி ஒரு மணிக்குப் புறப்பாடு என்றார்கள், ஒன்றே காலுக்கு எடுத்துவிட்டார்கள். நல்ல விஷயம். டிரைவர் நிதானமான மனிதர். குதிரான் சுரங்கம் வந்த பிறகு திருச்சூர் வழி எவ்வளவோ தேவலை. பழைய ஏற்றத்தில் லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு தூக்கம் கெட்ட காலம் போயிற்று. சீட் சாய்ந்தது, ஏசி அளவாக இருந்தது.

ஆனால் படி! பஸ்ஸின் முதல் படி என் முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே வரும் உயரம். ஒரு நாளைக்கு எத்தனை முறை ஏறி இறங்குகிறோம் என்று வீட்டுக்காரி எண்ணியிருக்கிறாள்: ஒன்பது. முதல் மூன்று முறை உதவிக்கு வந்த பையன் கை கொடுத்தான். "அம்மா, மெதுவா, மெதுவா" என்று நல்ல தன்மையான பிள்ளை. நாலாவது முறை அவன் ரசீது எடுக்க ஓடிவிட்டான். அப்புறம் பின் சீட்டில் இருந்த ஒருவர் தன் சாமான் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, அதில் கால் வைத்துத்தான் அவள் இறங்கினாள். ஒரு பிளாஸ்டிக் முக்காலி என்ன விலை இருக்கும்? பாதிக்கு மேல் கிழடுகளை ஏற்றிக்கொண்டு போகிற வண்டியில் அது ஒன்று இல்லை.

திருப்ரயாரில் நாலேகால் மணிக்கு வரிசையில் நின்றோம். இருட்டு, சாரல், ஆண்களெல்லாம் சட்டையைக் கழற்றி வெற்று மார்போடு. சட்டை போட்டுக்கொண்டு உள்ளே போக முடியாது என்பது கேரளத்துக் கோயிலுக்குப் போகிற எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஆடி மழையில் ஒன்றேகால் மணி நேரம் அப்படி நிற்கப் போகிறோம் என்று யாரும் சொல்லவில்லை. மேலே போர்த்த ஒரு கெட்டித் துண்டு கொண்டு வாருங்கள் என்று ஒரு வரி முன்கூட்டியே வாட்ஸப்பில் போட்டிருக்கலாம். பக்கத்தில் நின்ற 78 வயது பெரியவருக்கு என் துண்டைக் கொடுத்தேன். தொழுதுவிட்டு வெளியே வந்து ஆற்றங்கரையில் மீனூட்டு செய்தபோது குளிர் மறந்துபோனது. அரிசியைப் போட்டதும் தண்ணீர் கொதிக்கிற மாதிரி மீன்கள் மேலே வருகின்றன. வீட்டுக்காரி குழந்தை மாதிரி நின்றுவிட்டாள். பஸ் பையன் இரண்டு முறை கூப்பிட்டான்.

கூடல்மாணிக்கத்தில்தான் பயந்துபோனோம். பரந்த கோயில், கருங்கல் தளம், மேலே மழைத் தண்ணீர். எங்கள் பஸ்ஸில் வந்த ஒரு அம்மா பிரதட்சிணத்தில் கால் வழுக்கி உட்கார்ந்தவாக்கில் விழுந்தார். கடவுள் புண்ணியத்தில் எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை, மணிக்கட்டில் வீக்கம் மட்டும். அப்போது முதலுதவிப் பெட்டி பஸ்ஸில் இருந்தது. பஸ் நின்றது அரைக் கிலோமீட்டர் தள்ளி. கோயில் ஊழியர் ஒருவர்தான் ஐஸ் வாங்கி வந்து வைத்தார். நடத்துகிறவர் பதறி ஓடி வந்தார், அந்த அம்மாவை ஆட்டோ வைத்து பஸ்ஸுக்குக் கூட்டிப் போனார், காசும் அவரே கொடுத்தார். மனுஷன் கெட்டவர் இல்லை. யோசனைதான் போதவில்லை.

காலை டிபன் எட்டரைக்கு. இட்லி சூடாக இருந்தது, சாம்பாரும் பரவாயில்லை. ஆனால் ராத்திரி ஒரு மணிக்குக் கிளம்பிய சர்க்கரைக்காரர்கள் எட்டரை வரைக்கும் வெறும் வயிற்றோடு நிற்கலாமா? என் நண்பர் இன்சுலின் போடுகிறவர். பையில் இருந்த இரண்டு பிஸ்கட் பாக்கெட்தான் அவரைக் காப்பாற்றியது. கூடல்மாணிக்கத்தில் வயிற்றுக் கோளாறுக்குக் கத்தரிக்காய் நிவேத்தியம் செய்வார்கள் என்று கேட்டு, "பசிக்கு என்ன நிவேத்தியம்?" என்று அவர் கேட்டார். சிரித்தோம், ஆனால் விளையாட்டு இல்லை.

கழிப்பறை விஷயத்தில் முழு மார்க் கொடுப்பேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, சுத்தமான பெட்ரோல் பங்குகளாகப் பார்த்து நிறுத்தினார்கள். கேட்காமலே நிறுத்தினார்கள். இது எவ்வளவு பெரிய உபகாரம் என்று ப்ராஸ்டேட் உள்ளவர்களைக் கேளுங்கள்.

மூழிக்குளத்தில் கூட்டம் கொஞ்சம் குறைவு, நன்றாகத் தொழுதோம். பாயம்மல் போய்ச் சேர்ந்தபோது பதினொன்று ஐம்பது. நடை சாத்திவிடுவார்களோ என்ற பதட்டத்தில் எங்களை விரட்டி விரட்டி இறக்கினார்கள். சின்னக் கோயில், அமைதியான இடம். அந்த அமைதியை அனுபவிக்க விடவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு சத்ருக்னன் முன்னால் நின்று, என்ன வேண்டிக்கொள்வது என்றே மறந்துவிட்டது எனக்கு.

நோட்டீஸில் "திரும்பும் வழியில் குருவாயூர்" என்று இருந்தது. சாப்பாடு முடிந்ததும் நடத்துகிறவர் எழுந்து, "சாயங்காலம் நடை திறக்கிற வரைக்கும் காத்திருக்கணும், வீடு சேர ராத்திரி பதினொன்று ஆகும், என்ன செய்யலாம்?" என்று கேட்டார். இளசுகள் போகலாம் என்றார்கள், நாங்கள் இருபது பேர் கையைத் தூக்கி வீடு என்றோம். அவர் எங்கள் பக்கம் சாய்ந்தார். இளசுகளுக்குக் கோபம், நியாயம்தான். காசு கொடுத்தவர்கள் அவர்களும். நிஜமாக வயசானவர்களுக்கு என்றே ஒரு பஸ் விட்டு, குருவாயூரை நோட்டீஸிலிருந்து எடுத்துவிட்டால் இந்தச் சண்டையே இல்லை.

கேஎஸ்ஆர்டிசியும் நாலம்பலத்துக்கு பஸ் விடுகிறது. என் தம்பி அதில் போனான், செலவு குறைவு என்றான். ஆனால் டிப்போவுக்கு நாம்தான் போய்ச் சேர வேண்டும். இவர்கள் வேலந்தாவளம் வரைக்கும் வழியில் ஏற்றிக்கொண்டார்கள், திரும்பும்போது மழையில் எங்களை வீட்டு முக்கிலேயே இறக்கிவிட்டார்கள். ஏழரைக்கு வீட்டில் இருந்தோம்.

ஐந்துக்கு மூன்று கொடுக்கிறேன். மறுநாள் போனில் முக்காலியைப் பற்றிச் சொன்னபோது, "அடுத்த ட்ரிப்புக்கு வாங்கிடறேனுங்க ஐயா" என்றார். வாங்கிவிட்டாரா என்று அடுத்து போகிறவர்கள் பார்த்துச் சொல்லுங்கள்; வாங்கியிருந்தால் வரும் ஆடியில் முன் சீட் இரண்டு எங்களுக்கு.