முதல் சம்பளத்தில் ஐயாயிரம் ரூபாய்

எல்லோருக்கும் வணக்கம். இதே பம்பைமடுவில் நானும் படித்தவள். நான் 2017இல் வெளியேறியபோது இது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகமாக இருந்தது. இன்று தனிப் பல்கலைக்கழகம். பெயர்ப்பலகையைப் பார்த்துவிட்டு உள்ளே வரும்போது மனது நிறைந்துபோனது.

இன்னும் சில மாதங்களில் உங்களில் பலருடைய கணக்கில் முதல் சம்பளம் விழும். அன்றைக்கு வீட்டுக்குக் கொடுக்க வேண்டும், அம்மா அடகு வைத்த சங்கிலியை மீட்க வேண்டும், தங்கச்சிக்கு ஃபோன் வாங்க வேண்டும். எல்லாம் நியாயமான செலவுதான், ஒன்றையும் குறை சொல்லமாட்டேன். அந்தச் சம்பளத்தில் ஐயாயிரம் ரூபாயை என்ன செய்வது என்பதைப் பற்றி மட்டும் பேசப்போகிறேன்.

எங்கள் வீடு வட்டக்கச்சியில். அப்பா வயல் செய்கிறவர். சூடு அடித்து நெல் குவிந்ததும் வியாபாரி லொறியோடு வந்து நிற்பார், உரக்கடன்காரர் வந்து நிற்பார். அப்பா யாரோடும் பேசமுன்னம் நல்ல நெல்லாகப் பார்த்து மூன்று மூட்டை கட்டி உள்ளறையில் வைத்துவிடுவார். அது அடுத்த போகத்துக்கு விதை. மிச்சத்தில்தான் கடன், விற்பனை, சாப்பாடு எல்லாம். "எல்லாருக்கும் குடுத்து முடிச்ச பிறகு விதை எடுக்க ஏலாது பிள்ளை, ஒண்டும் மிஞ்சாது" என்பார்.

வேலைக்குப் போனபோது அந்தப் பழக்கத்தை நான் என் காசுக்குக் கொண்டுவரவில்லை. நான்கு வருடம் வேலை செய்தும், மிஞ்சியதைத்தான் சேமித்தேன். சேர்ந்தது இரண்டு லட்சம். 2022 ஜனவரியில் கொழும்புப் பங்குச் சந்தையின் மொத்தப் போக்கைக் காட்டும் அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண் 13,000ஐத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது. அலுவலகத்தில் ஒரு வட்ஸ்அப் குழு. "இந்தப் பங்கு இரண்டு மடங்காகும்" என்று ஒருவர் போட்டார். அவருக்கு முன்பு இரண்டு தடவை சரிவந்திருந்தது. நான் அந்த ஒரே பங்கில் இரண்டு லட்சத்தையும் போட்டேன்.

அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். டொலர் இல்லை, எரிபொருள் வரிசை, மின்வெட்டு. ஏப்ரலில் சந்தையையே சில நாட்கள் மூடினார்கள். செப்டெம்பரில் பணவீக்கம் எழுபது வீதத்தைத் தொட்டது. ஆண்டு முடிவில் சுட்டெண் 8,500 அளவில் நின்றது. ஆனால் நான் அதுவரை காத்திருக்கவில்லை. ஜூன் மாதம் அப்பாவுக்கு ஒரு சத்திரசிகிச்சை. கையில் வேறு காசில்லை. அரைவாசி விலைக்கும் குறைவாக விற்றேன். விற்ற அன்று இரவு நான் அழுததற்குக் காரணம் காசு போனது மட்டுமல்ல. நான்கு வருட உழைப்பை, யாரோ ஒருவர் எழுதிய ஒரு வரியை நம்பி வைத்தேனே என்பதுதான்.

அதே அலுவலகத்தில் என்னோடு படித்த ஒருத்தி இருந்தாள். சம்பளம் விழுந்த மறுநாளே மூவாயிரம் ரூபாய், பலருடைய காசைச் சேர்த்துப் பல கம்பனிகளின் பங்குகளை வாங்கும் நிதியமான ஒரு யூனிட் ட்ரஸ்டுக்குப் போய்விடும்படி வங்கியில் ஸ்டாண்டிங் ஓர்டர் கொடுத்திருந்தாள். விலை விழுந்த மாதங்களிலும் அதை நிறுத்தவில்லை. "நிறுத்தப்போனால் ஒரு படிவம் நிரப்பவேணும், அதுக்கு நேரமில்லை" என்றாள். 2024 முடிவில் சுட்டெண் 16,000ஐ நெருங்கியது. அவளுடைய மூவாயிரங்கள் வளர்ந்து நின்றன. என் இரண்டு லட்சம் திரும்பி வரவேயில்லை.

விலை விழும்போது வாங்கிக்கொண்டே இருந்தால் என்ன நடக்கும் என்று கணக்கில் பாருங்கள். பேனை இருந்தால் எழுதுங்கள். முதல் மாதம் அந்த நிதியத்தின் ஒரு அலகு 20 ரூபாய்: ஐயாயிரத்துக்கு 250 அலகு. இரண்டாம் மாதம் விலை 10 ரூபாய்க்கு விழுகிறது: அதே ஐயாயிரத்துக்கு 500 அலகு. மூன்றாம் மாதம் 16க்கு ஏறுகிறது: 312.5 அலகு. மொத்தம் 1,062.5 அலகு. போட்டது 15,000. இன்றைய விலை 16 ரூபாயால் பெருக்கினால் 17,000. தொடங்கிய விலை 20, இப்போதைய விலை 16, அப்படியிருந்தும் இரண்டாயிரம் லாபம். பத்து ரூபாய் மாதத்தில் பயந்து நிறுத்தியவருக்கு இந்த லாபம் இல்லை. விலை விழுந்து எழும்பாமலே போனால் இந்தக் கணக்கு உதவாது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு தனிக் கம்பனி அப்படி எழும்பாமல் போவது சாதாரணம். பல கம்பனிகளின் பங்குகளை ஒன்றாக வைத்திருக்கும் நிதியத்துக்கு அது மிக அரிது.

சரி, கவனமாகப் படித்து நல்ல கம்பனியைத் தெரிவு செய்தால் என்ன என்று கேட்பீர்கள். உங்களில் சிலர் ஆண்டறிக்கை வாசிக்கப் பழகியவர்கள், கேட்க உரிமை உண்டு. அமெரிக்காவில் ஹென்ட்ரிக் பெசெம்பைண்டர் என்ற பேராசிரியர் 1926 முதல் 2016 வரை அங்கே பட்டியலிடப்பட்டிருந்த சுமார் 25,000 கம்பனிகளின் கணக்கை எடுத்துப் பார்த்தார். அரசாங்கம் குறுகிய காலத்துக்குக் கடன் வாங்கும் திறைசேரி உண்டியலில் போட்டிருந்தால் வந்திருக்கக்கூடியதற்கு மேலாகப் பங்குச் சந்தை உருவாக்கிய செல்வம் முழுவதும் நான்கு வீதமான கம்பனிகளிலிருந்தே வந்திருக்கிறது. பாதிக்கு மேற்பட்ட பங்குகள் தங்கள் ஆயுளில் திறைசேரி உண்டியல் அளவுக்குக்கூடக் கொடுக்கவில்லை. அதாவது நூறு கம்பனியில் அந்த நான்கை முன்கூட்டியே பிடிக்க வேண்டும். நூறையும் கொஞ்சம் கொஞ்சமாக வைத்திருப்பவரிடம் அந்த நான்கும் தானாகவே இருக்கும்.

பங்கு தெரிவு செய்வதில் நீங்கள் உண்மையிலேயே கெட்டிக்காரராக இருந்தாலும், முதல் வேலைக்காரருக்கு இன்னொரு கணக்கு இருக்கிறது. இதைத்தான் நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். உங்களிடம் ஒரு லட்சம் இருக்கிறது என்று வைப்போம். இரவு பகலாக ஆராய்ந்து, மற்றவர்களைவிட இருபது வீதம் கூடுதலாக உழைத்துவிட்டீர்கள். அது பெரிய சாதனை. கையில் வருவது இருபதாயிரம். பக்கத்து மேசைக்காரர் ஒன்றும் ஆராயாமல் மாதம் ஐயாயிரம் ஒதுக்கினார். வருட முடிவில் அறுபதாயிரம். கையில் இருக்கும் தொகை சிறிதாக இருக்கும் வரை, அது எத்தனை வீதம் வளர்கிறது என்பதைவிட எவ்வளவு போடுகிறீர்கள் என்பதுதான் பெரிது. அந்த இரவுகளை உங்கள் தொழிலைப் படிப்பதற்கும், ஒரு தகைமையை முடிப்பதற்கும் செலவழியுங்கள். சம்பளம் ஐயாயிரம் கூடினால், அது எந்தப் பங்கும் தரமுடியாத லாபம்.

காலம் செய்யும் வேலையையும் பாருங்கள். மாதம் ஐயாயிரம், ஆண்டுக்குப் பத்து வீதம் என்று வைத்தால், இருபது வருடத்தில் ஏறத்தாழ 38 லட்சம். முப்பது வருடத்தில் ஒரு கோடியே 13 லட்சம். பத்து வருடம் முந்தித் தொடங்கியதற்காக நீங்கள் கூடுதலாகப் போட்டது ஆறு லட்சம் மட்டுமே. ஆனால் அந்தக் கோடியைப் பார்த்து மயங்கவேண்டாம், முப்பது வருடத்தில் தேங்காயும் இன்றைய விலையில் இருக்காது. பணவீக்கத்தைக் கழித்து நான்கு வீதம் மிஞ்சுகிறது என்று வைத்து, மாதம் போடும் தொகையையும் பணவீக்கத்துக்கு ஏற்பக் கூட்டிக்கொண்டே போனால், முப்பது வருடத்தில் சேர்வது இன்றைய காசில் ஏறத்தாழ 35 லட்சம். போட்டது இன்றைய காசில் 18 லட்சம். இந்தக் கணக்கைத்தான் நான் நம்பச் சொல்கிறேன், கோடிக் கணக்கை அல்ல. பத்து வீதம் என்பதும் வாக்குறுதி இல்லை, கணக்குக்காக எடுத்த எண்.

ஐயாயிரத்தை முதலில் எங்கே போடுவது? பங்கில் அல்ல. எனக்கு ஜூன் மாதம் நடந்தது உங்களுக்கு நடக்கக்கூடாது. மூன்று மாதச் செலவு, உடனே எடுக்கக்கூடிய இடத்தில் சேரும் வரை சேமிப்புக் கணக்கிலோ, பங்கில் போடாமல் குறுகிய காலக் கடன்களில் மட்டும் போடும் பணச் சந்தை நிதியத்திலோ வையுங்கள். கிரெடிட் கார்ட் கடன் இருந்தால் அதற்கும் முன்னால் அதைக் கட்டி முடியுங்கள். ஐந்து வருடத்துக்குள் தேவைப்படும் காசு, வீடு கட்டவோ கல்யாணத்துக்கோ, நிலையான வைப்பிலோ திறைசேரி உண்டியலிலோ இருக்கட்டும். அதற்குப் பிறகுதான் பங்கு சார்ந்த யூனிட் ட்ரஸ்ட். ஆண்டுக்கு எத்தனை வீதம் கட்டணம் எடுக்கிறார்கள் என்று முதல் நாளே கேளுங்கள், சுட்டெண்ணைப் பின்தொடரும் நிதியம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். பிணையங்கள் பரிவர்த்தனை ஆணைக்குழுவின் அனுமதி பெற்றதா என்று பாருங்கள். ஆள் சேர்த்தால் காசு என்று யாராவது வந்தால், அது பிரமிட். சட்டப்படி தடை. சொந்த மச்சான் வந்து சொன்னாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

தனியார் துறைக்குப் போகிறவர்கள் அறியாமலே முதலீட்டாளர் ஆகிவிடுவீர்கள். அறுபதாயிரம் சம்பளம் என்றால் ஊழியர் சேமலாப நிதிக்கு உங்களிடமிருந்து எட்டு வீதம், 4,800. முதலாளி பன்னிரண்டு வீதம், 7,200. அதோடு ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு முதலாளி மூன்று வீதம், 1,800. சம்பளத்தில் வெட்டிவிட்டு நிதியத்துக்குக் கட்டாமல் விடும் இடங்கள் உண்டு. வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதத்துக்குள் உங்கள் அங்கத்துவ இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள், கணக்கில் விழுகிறதா என்று பாருங்கள். சங்கடப்படவேண்டாம், அது உங்கள் காசு.

எங்கள் அம்மாமாரின் பழக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நகை வாங்கி வைப்பதைப் படித்தவர்கள் சிலர் இளக்காரமாகப் பேசுவார்கள். எனக்கு அது பிடிக்காது. 2009இல் வங்கிப் புத்தகம், காணி உறுதி எல்லாம் தொலைந்தபோது, தாலிக்கொடியையும் காப்பையும் விற்றுத்தான் பல வீடுகளில் அடுப்பு எரிந்தது. வன்னியில் யாரும் தங்கத்தைக் குறைசொல்ல முடியாது. சீட்டும் அப்படித்தான். என்ன கஷ்டம் வந்தாலும் மாதம் தவறாமல் கட்டும் ஒழுங்கை அம்மா சீட்டில்தான் பழகினா. உங்களுக்குப் புதிதாக ஒரு பழக்கம் தேவையில்லை. அம்மாவின் ஒழுங்கு போதும், அது போகும் இடம் மட்டும் கொஞ்சம் மாறவேண்டும்.

ஐயாயிரம் முடியாதவர்கள் இருப்பீர்கள். வீட்டில் நீங்கள் மட்டுமே உழைப்பாளி என்றால் ஆயிரத்தோடு தொடங்குங்கள். ஆயிரம் ரூபாயோடு சேர்த்துக்கொள்ளும் நிதியங்கள் இருக்கின்றன. சம்பளம் கூடும் ஒவ்வொரு தடவையும் கூடியதில் பாதியை அதோடு சேருங்கள்.

நான் நாலு மணிக்குத்தான் கிளிநொச்சி பஸ் எடுக்கவேண்டும். அதுவரை வாசல் பக்கம் மரத்தடியில் இருப்பேன். ஏற்கெனவே எங்காவது காசு போட்டு மாட்டிக்கொண்டு, யாரிடம் சொல்வது என்று தெரியாமல் இருப்பவர்கள் இருந்தால், முதலில் நீங்கள் வாருங்கள்.