குடும்ப ஓய்வூதியத்தை என் பெயருக்கு மாற்றக் கோரும் விண்ணப்பம்

அனுப்புநர்:
ரா. கமலாம்பாள்,
(மறைந்த) கோ. ராமசாமியின் மனைவி,
14, மேலத்தெரு,
லால்குடி, திருச்சிராப்பள்ளி மாவட்டம்.

பெறுநர்:
உதவிக் கருவூல அலுவலர்,
சார்நிலைக் கருவூலம்,
லால்குடி.

நாள்: 17.11.2025

பொருள்: கணவர் காலமானதால் குடும்ப ஓய்வூதியத்தை என் பெயரில் வழங்க வேண்டுதல் – கொடுப்பாணை எண் சி 418263.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். என் கணவர் கோ. ராமசாமி நெடுஞ்சாலைத் துறையில் 1971இல் பணியில் சேர்ந்து, சாலை ஆய்வாளராக இருந்து 30.06.2004 அன்று ஓய்வு பெற்றார். அன்று முதல் தங்கள் கருவூலம் வழியாகவே ஓய்வூதியம் பெற்றுவந்தார். கடந்த 08.10.2025 அன்று வீட்டில் இயற்கை எய்தினார். 80 வயது நிறைந்தால் 20 சதவீதம் கூடுதல் ஓய்வூதியம் வரும் என்று அடுத்த ஜூன் மாதத்தை எதிர்பார்த்திருந்தார், அதற்குக் கொடுத்துவைக்கவில்லை.

அவருக்குச் சட்டப்படி மணமான ஒரே மனைவி நான். கொடுப்பாணையிலும் குடும்ப ஓய்வூதியத்துக்கு உரியவராக என் பெயரே உள்ளது. அவருடைய அடிப்படை ஓய்வூதியம், கடைசி ஊதியத்தில் பாதியாக, மாதம் 14,200 ரூபாய். கடைசி ஊதியத்தில் 30 சதவீதம் என்ற கணக்குப்படி எனக்கு உரியது 8,520 ரூபாயும் அதன் மீதான அகவிலைப்படியும் மருத்துவப்படியும். இதை அவர் இறந்த மறுநாளான 09.10.2025 முதல் கணக்கிட்டு வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இதில் பெயர்ச் சிக்கல் ஒன்று உண்டு. கொடுப்பாணையில் என் பெயர் 'கமலம்' என்று இருக்கிறது. ஆதாரிலும் வங்கிப் புத்தகத்திலும் 'கமலாம்பாள்'. வீட்டில் கூப்பிடும் பெயரையே அவர் அன்று படிவத்தில் எழுதிக் கொடுத்துவிட்டார். இரண்டும் ஒருவரே என்பதற்கு வட்டாட்சியர் அளித்த சான்றை இணைத்துள்ளேன். கொடுப்பாணையில் ஒட்டியிருக்கும் எங்கள் இருவர் படமும் 2004இல் எடுத்தது. அதில் இருப்பவளும் நானும் ஒருத்தியா என்று ஐயம் வருவது இயல்பு. அப்போது தலை முழுவதும் கறுப்பு, நெற்றியில் பெரிய குங்குமம். ஆனால் அங்க அடையாளமாக எழுதியிருக்கும் இடது முழங்கைத் தழும்பு அப்படியே இருக்கிறது. அதிரசம் சுடும்போது எண்ணெய் தெறித்து வந்தது, மறையாது. நேரில் வரச் சொன்னால் வந்து காட்டுகிறேன்.

கொடுப்பாணையில் என் பிறந்த தேதி குறிக்கப்படவில்லை. என் தேதி 12.03.1954. நானும் 80 வயதைத் தொட்டால் கூடுதல் ஓய்வூதியத்துக்கு அது தேவைப்படும். அன்று வந்து ஆதாரம் தேடி அலைய முடியாது என்பதால், இப்போதே பதிவு செய்துகொள்ள வேண்டுகிறேன்.

அக்டோபர் மாத ஓய்வூதியம் முழுவதும் எங்கள் கூட்டுக் கணக்கில் வரவாகியிருக்கிறது. 8ஆம் தேதி வரையிலானது அவருக்கு உரியது. மீதி 23 நாள் தொகை அரசின் பணம். அதை எடுக்காமல் வைத்திருக்கிறேன். எனக்கு வரவேண்டிய நிலுவையில் கழித்துக்கொள்ளலாம். சலான் மூலம் கட்ட வேண்டும் என்றால் தொகையைத் தெரிவியுங்கள், கட்டிவிடுகிறேன்.

இனி மாதந்தோறும் வரும் தொகையை நான் புதிதாகத் தொடங்கியுள்ள தனிக் கணக்குக்கே அனுப்ப வேண்டும். மகன் பெயரையும் சேர்த்துக்கொண்டால் வசதி என்று பலர் சொன்னார்கள். மகன் நல்லவன்தான். இருந்தாலும் பால்காரருக்கும் மருந்துக் கடைக்கும் நான் கொடுக்கும் பணத்துக்கு இன்னொருவர் கையெழுத்தை எதிர்பார்க்க எனக்கு விருப்பமில்லை. கோயம்புத்தூரில் உள்ள மகள் வீட்டுக்கு அவ்வப்போது போய்வருவேன். ஆனால் என் இருப்பிடம் லால்குடிதான், ஓய்வூதியமும் இந்தக் கருவூலத்திலேயே தொடரட்டும்.

மறுமணம் செய்துகொள்ளவில்லை என்ற உறுதிமொழியையும் கையெழுத்திட்டு இணைத்துள்ளேன். 71 வயதுக்காரியிடம் கேட்கிறார்களே என்று பேத்தி சிரித்தாள். விதி என்றால் விதி, ஆண்டுதோறும் கேட்டாலும் தருகிறேன். நேர்காணலின்போது கைரேகை இயந்திரத்தில் என் விரல் சரியாகப் பதிவதில்லை. கருவிழிப் பதிவுக்கு வழியிருந்தால் உதவியாக இருக்கும்.

அவருடைய ஓய்வூதியத்தில் குடும்பப் பாதுகாப்பு நிதிக்கு மாதந்தோறும் பிடித்தம் செய்யப்பட்டு வந்தது. அந்த நிதியிலிருந்து எனக்குச் சேர வேண்டியதையும் இத்துடன் பெற்றுத்தர வேண்டுகிறேன். அதற்குத் தனி விண்ணப்பம் வேண்டும் என்றால் படிவத்தைத் தபாலில் அனுப்பினால் போதும்.

அவர் போனபின் வீட்டுக்கு வேறு வருமானம் இல்லை. காகிதங்களில் ஏதாவது குறை இருந்தால், எல்லாவற்றையும் ஒரே கடிதத்தில் எழுதிக் கேட்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ரா. கமலாம்பாள்

இணைப்பு: இறப்புச் சான்றிதழ், ஓய்வூதியக் கொடுப்பாணையின் ஓய்வூதியருக்குரிய அசல் பகுதி, வட்டாட்சியரின் ஒரே நபர் சான்று, ஆதார் மற்றும் பான் அட்டை நகல், தனிக் கணக்கின் வங்கிப் புத்தக முதல் பக்க நகல், மறுமணம் செய்யாமை உறுதிமொழி, பாஸ்போர்ட் அளவு படம் 3.