மாணவர் பேரவைத் தலைவர் தேர்தல்: மூன்றாம் ஆண்டு வேதியியல் வேட்பாளரின் பேச்சு

எல்லாருக்கும் வணக்கம். அடுத்த பீரியடுக்கு மணி அடிக்க ஆறு நிமிஷம் இருக்கிறது, அதற்குள் முடித்துவிடுகிறேன்.

புது ஆடிட்டோரியம், கேம்பஸ் முழுக்க வைஃபை எதுவும் கேட்காதீர்கள். நம்முடையது அரசுக் கல்லூரி. அந்தப் பணம் பேரவைத் தலைவர் கையெழுத்தில் வராது.

முதல் வேலை, இன்டர்னல் மார்க். 25 மார்க்கும் பல்கலைக்கழகத்துக்கு ஏறிய பிறகுதான் நமக்குத் தெரிகிறது. அதன்பிறகு திருத்தம் என்றால் துறைத்தலைவர், முதல்வர், தேர்வுப் பிரிவு என்று அலைய வேண்டும். அதிகம் அடிபடுவது என்சிசி, விளையாட்டு மாணவர்கள். ஆன்-டியூட்டி கடிதம் ஆபீஸில் இருக்கும், வருகைப் பதிவேட்டில் ஆப்சென்ட் விழுந்திருக்கும், அதற்கான மார்க் போய்விடும். ஏற்றுவதற்கு மூன்று வேலை நாள் முன்பே பட்டியலைத் துறைப் பலகையில் ஒட்ட வேண்டும், பதிவெண் மட்டும் போதும், பெயர் வேண்டாம். பார்த்தவர் கையெழுத்துப் போட வேண்டும். இதற்கான மனுவைப் பதவியேற்ற முதல் வாரமே முதல்வரிடம் கொடுப்பேன். மறுத்தால், சொன்ன காரணத்தையும் அதே பலகையில் ஒட்டுவேன்.

அடுத்து, இரண்டாம் மாடித் தண்ணீர். வடிகட்டி அடைத்ததும் தண்ணீர் நூல் மாதிரி வரும். அவசரத்தில் யாராவது பைபாஸ் வால்வைத் திறந்துவிடுவார்கள். அப்புறம் நாம் குடிப்பது போர் தண்ணீர்தான், மெஷினில் விளக்கு மட்டும் எரியும்! தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. திங்கள்தோறும் அளந்து, பக்கத்தில் தொங்கும் அட்டையில் எழுதுவோம். 500-ஐத் தாண்டினால் அன்றே குழாயை மூடிப் புகார் எழுதுவோம். வடிகட்டி மாற்றிய தேதியும் அதே அட்டையில் இருக்கும்.

பஸ். கடைசி வகுப்பு 4.15-க்கு முடிகிறது, டவுன் பஸ் 4.10-க்குப் போய்விடுகிறது. அதில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. விட்டால் ஷேர் ஆட்டோவுக்கு 20 ரூபாய். சும்மா மனு கொடுத்தால் டிப்போவில் கோப்புக்குள் போய்விடும். ஐந்து நாள் நிறுத்தத்தில் நின்று தலை எண்ணி, அந்தக் கணக்கை முதல்வரின் கடிதத்தோடு கிளை மேலாளரிடம் கொடுப்போம். கேட்பது பத்து நிமிஷம் தள்ளி எடுக்கச் சொல்லித்தான், புது பஸ் இல்லை. இது நடக்கும் என்று சத்தியம் செய்ய மாட்டேன். மனுவின் ஒப்புகை நகலைக் காட்டுவேன், அதற்கு நான் பொறுப்பு.

பேரவைச் செலவுக் கணக்கு மாதம் 5-ஆம் தேதி பலகையில் இருக்கும், பில்லோடு.

பிளெக்ஸ் இல்லையே என்று சிலர் கேட்டார்கள். மாணவர் தேர்தலுக்கான லிங்டோ குழு விதிப்படி அச்சடித்த போஸ்டர் கூடாது, செலவும் 5000 ரூபாயைத் தாண்டக் கூடாது. சார்ட் பேப்பரும் மார்க்கரும் சேர்த்து இதுவரை 340 ரூபாய்.

வியாழக்கிழமை காலை 10 முதல் 1 மணி வரை, நூலகத்தின் கீழ்த்தளத்தில் ஓட்டு. ஐடி கார்டு இல்லாமல் விட மாட்டார்கள். சீட்டில் என் பெயர் மூன்றாவது.