"சங்கம் சந்தை" குழுவுக்குத் தவறிச் சென்ற பட்டியல்: மீளப்பெறும் அறிவித்தல்

முதலில் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தின் செயலாளருக்கும் தலைவருக்கும் இடையே நடந்த உரையாடல் (வட்ஸ்அப், 12ஆம் திகதி இரவு)

செயலாளர், 8.52: ஐயா, எங்கே நிற்கிறீர்கள்? மூன்று தரம் அழைத்துவிட்டேன். கெதியாகப் பாருங்கள்.

செயலாளர், 8.52: பெரிய பிழை நடந்துவிட்டது.

செயலாளர், 8.53: வலைக்கடன் நிலுவைப் பட்டியலை "சங்கம் நிர்வாகம்" குழுவுக்கு அனுப்பப் போய் "சங்கம் சந்தை" குழுவுக்கு அனுப்பிவிட்டேன். நண்டு வாங்கும் முதலாளிமார் எல்லோரும் அதில்தான் இருக்கிறார்கள்!!!

செயலாளர், 8.54: அழிக்கப் போய், பதற்றத்தில் "எனக்கு மட்டும் நீக்கு" என்பதை அழுத்திவிட்டேன். இப்போது என் போனில் படம் இல்லை. அவர்கள் எல்லோருடைய போனிலும் இருக்கிறது. கை நடுங்குகிறது.

செயலாளர், 8.56: இதைக் குழுவில் போடப் போகிறேன், சரியா ஐயா?

> ஐயோ, எல்லோரும் தயவுசெய்து அந்தப் படத்தைத் திறக்க வேண்டாம்!!! கடன் கட்டாத ஆட்களின் பெயர்களும் அடையாள அட்டை இலக்கங்களும் அதில் இருக்கின்றன. தெரியாமல் அனுப்பிவிட்டேன். யாருக்கும் காட்ட வேண்டாம், காட்டினால் சட்ட நடவடிக்கை எடுக்கப்படும்!! எனக்கு வேலை போய்விடும். கும்பிட்டுக் கேட்கிறேன் 🙏🙏🙏

தலைவர், 8.59: போடாதேயும் பிள்ளை. கோயிலில் நின்றேன், இப்போதுதான் பார்த்தேன். அந்தக் குழுவுக்கு நானும் நிர்வாகிதான். நான் எல்லோருக்குமாக நீக்குகிறேன்.

தலைவர், 9.01: நீக்கியாயிற்று.

செயலாளர், 9.01: எத்தனை பேர் பார்த்தார்கள் என்று பாருங்கள் ஐயா.

தலைவர், 9.03: அந்த விபரம் அனுப்பியவரின் போனில்தான் தெரியும். உம்முடையதில்தான் நீர் அழித்துவிட்டீரே. எல்லோரும் பார்த்துவிட்டார்கள் என்று வைத்துக்கொண்டே எழுதுவோம்.

தலைவர், 9.06: நீர் எழுதியதைப் பார்த்தேன். திறக்க வேண்டாம் என்றால் திறக்காதவனும் திறப்பான். "கடன் கட்டாத ஆட்கள்" என்று நீரே எழுதினால், படத்தைப் பார்க்காதவனுக்கும் செய்தி போய்ச் சேரும். உம்முடைய வேலையைப் பற்றி வியாபாரிக்கு என்ன கவலை?

தலைவர், 9.08: சட்டத்தைக் காட்டி மிரட்டவும் வேண்டாம். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவைச் சேர்த்து வைத்திருப்பவரின் கடமையைத்தான் பேசுகிறது. அதை நாம் இழுத்தால் முதலில் நம் கதவைத்தான் தட்டும்.

செயலாளர், 9.10: குறிப்பு நிரலில் ஒருவருக்கு "இயந்திரம் அடகில்" என்று எழுதியிருந்தேன் ஐயா. விடிய அவர் நண்டோடு வந்து நிற்கும்போது அவர்கள் என்ன விலை கேட்பார்கள்? அதுதான் எனக்கு நெஞ்சுக்குள் நிற்கிறது.

தலைவர், 9.12: எனக்கும் அதுதான். கடன் இருப்பவன் இன்றைக்கே விற்றாக வேண்டும் என்பது வாங்குபவனுக்குத் தெரிந்தால் ஏலம் ஏலமாக இராது. ஆகையால் விடியமுன் அறிவித்தல் போக வேண்டும். ஒன்று கேட்கிறேன்: வங்கியில் நேரே கட்டிய தவணைகள் அந்தப் பட்டியலில் பதிந்திருக்கின்றனவா?

செயலாளர், 9.13: இல்லை. இந்த மாதத்து வங்கிக்கூற்று இன்னும் வரவில்லை.

தலைவர், 9.14: அப்படியென்றால் அது வரைவு, தொகைகள் சரியில்லை. அதை முதலில் எழுதும். யாருடைய பெயரும் வேண்டாம். என்ன நடந்தது, என்ன செய்தோம், அவர்கள் என்ன செய்ய வேண்டும், அவ்வளவுதான். தண்ணீர் குடித்துவிட்டு எழுதும்.

தலைவர், 9.36: நன்றாக இருக்கிறது. "வருந்துகிறோம்" மூன்று இடத்தில் நிற்கிறது, இரண்டை எடுத்துவிடும். என் பெயரையும் கீழே போடும்; உம்மைத் தனியே நிறுத்த மாட்டேன்.

குழுவில் இடப்பட்ட அறிவித்தல் (இரவு 9.40)

"சங்கம் சந்தை" குழுவில் உள்ள கொள்வனவாளர்கள் அனைவருக்கும்,

வணக்கம்.

இன்றிரவு 8.41 மணிக்கு எமது அலுவலகத்திலிருந்து இந்தக் குழுவுக்கு இரண்டு பக்கங்கள் படமாக அனுப்பப்பட்டன. தலைப்பு "வலைக்கடன் மீளாய்வு". அவை சங்கத்தின் நிர்வாகக் குழுவுக்குச் சேர வேண்டிய உள்ளகப் பத்திரங்கள். குழுவைத் தெரிவு செய்கையில் நேர்ந்த தவறால் இங்கே வந்துவிட்டன. தவறு முழுவதும் எம்முடையது; அதற்காக வருந்துகிறோம்.

9.01 மணிக்கு அவற்றைக் குழுவிலிருந்து நீக்கினோம். இடைப்பட்ட இருபது நிமிடத்தில் யார் பார்த்தார்கள், யார் பார்க்கவில்லை என்பதை நாம் அறியோம். அறிய முயலவும் மாட்டோம்.

குழுவில் நீக்கியதோடு எல்லாப் பிரதிகளும் போய்விடுவதில்லை. சில கைத்தொலைபேசிகள் வரும் படங்களைத் தாமாகவே படத்தொகுப்பில் சேமித்துக்கொள்ளும். அங்கிருந்து இணையக் காப்பகத்துக்கும் ஒரு பிரதி போயிருக்கலாம். ஆகவே உங்கள் படத்தொகுப்பை ஒரு தடவை திறந்து, மேற்கண்ட தலைப்புடன் ஏதேனும் இருந்தால் அழித்துவிடுங்கள். அழித்தவை சில நாள் தங்கும் "அண்மையில் நீக்கியவை" என்ற இடத்திலிருந்தும் அகற்றிவிடுங்கள். கணினியில் வட்ஸ்அப் பாவிப்பவர்கள் பதிவிறக்கக் கோப்புறையையும் பார்க்க வேண்டும்.

யாருக்காவது அதை முன்னனுப்பியிருந்தால், அந்தப் பிரதியை எம்மால் நீக்க முடியாது. நீங்களே அவரிடம் சொல்லி அழிப்பித்து, செயலாளருக்கு ஒரு வார்த்தை தெரிவியுங்கள். ஏன் அனுப்பினீர்கள் என்று கேட்க மாட்டோம். அது எங்கே போய் நிற்கிறது என்பது மட்டும் எமக்குத் தெரிந்தால் போதும்.

அழித்தவர்கள் "அழித்துவிட்டேன்" என்று இந்தக் குழுவில் எழுத வேண்டாம். செயலாளரின் எண்ணுக்குத் தனியாகச் சொல்லுங்கள். படத்தைப் பற்றிய கேள்விகளும் அங்கேயே வரட்டும். நாளை காலை இந்தக் குழுவில் விலையும் வரவும் மட்டும் பேசப்பட வேண்டும் என்று விரும்புகிறோம்.

அந்தப் பக்கங்கள் முடிக்கப்படாத வரைவு என்பதையும் அறியத் தருகிறோம். வங்கியில் நேரடியாகச் செலுத்தப்பட்ட தவணைகள் அதில் பதியப்படவில்லை. ஆகவே அதில் உள்ள எந்தத் தொகையையும் ஒருவரது உண்மையான கணக்கு என்று எடுத்துக்கொள்ள முடியாது.

பாசையூரில் நாளை காலை ஏலம் வழமையான நேரத்தில் நடைபெறும். நண்டு, இறால், கணவாய் எதுவாயினும், நிறையையும் தரத்தையும் பார்த்து நீங்கள் கேட்கும் விலையே விலை. சங்கத்துக்கும் அதன் அங்கத்தவர்களுக்கும் இடையிலான கொடுக்கல் வாங்கல் ஏல மேசைக்கு வராது. இத்தனை காலமும் அப்படித்தான் நடந்தது. நாளை தலைவரும் மேசையில் இருப்பார்.

உங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி.

செயலாளர், தலைவர்
கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கம்

அங்கத்தவர்களுக்கு, மூடிய உறையில், ஆளுக்கொரு கடிதம் (13ஆம் திகதி, ஏலத்துக்கு முன்)

அன்புள்ள அங்கத்தவருக்கு,

இதை நீங்கள் வேறொருவர் வாயால் கேட்கமுன் நாமே சொல்ல வேண்டும். நேற்றிரவு நிர்வாகக் குழுவுக்குரிய வலைக்கடன் வரைவு, கொள்வனவாளர் குழுவுக்குத் தவறுதலாக அனுப்பப்பட்டது. உங்கள் பெயர், தேசிய அடையாள அட்டை இலக்கம், கடன் நிலுவை, பிணை நின்றவரின் பெயர் ஆகியவை அதில் இருந்தன. சிலருக்கு எதிரே அலுவலகக் குறிப்பும் இருந்தது. உங்களுக்கு என்ன குறிப்பு எழுதப்பட்டிருந்தது என்பதை அலுவலகத்துக்கு வந்தால் காட்டுவோம். வர முடியாவிட்டால் நாம் வீட்டுக்கு வருவோம்.

படம் இருபது நிமிடத்தில் நீக்கப்பட்டது. வைத்திருப்பவர்கள் அழிக்க வேண்டும் என்றும், அந்தத் தொகைகள் சரியானவை அல்ல என்றும் கொள்வனவாளர்களுக்கு எழுதியிருக்கிறோம். எழுதினால் எல்லோரும் அழித்துவிடுவார்கள் என்று உங்களுக்கு வாக்குத் தர எம்மால் முடியாது.

ஏலத்தில் எவராவது உங்கள் கடனைச் சாடையாகவேனும் இழுத்து விலையைக் குறைத்துக் கேட்டால், அந்த இடத்திலேயே விற்க வேண்டாம். மேசையில் இருக்கும் தலைவரிடம் சொல்லுங்கள். அன்றைய உங்கள் நண்டைச் சங்கமே பொறுப்பெடுத்து, ஐஸ் போட்டு வைத்து, வேறு கொள்வனவாளருக்குக் கொடுக்கும். ஐஸ் செலவு உங்கள் கணக்கில் ஏறாது.

அடையாள அட்டை இலக்கத்தைச் சரியாகச் சொல்லி, வங்கியிலிருந்து பேசுவதாக யாராவது உங்களை அழைத்தால் நம்ப வேண்டாம். போனுக்கு வரும் இரகசிய இலக்கத்தை யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள், சங்கத்தின் பெயரைச் சொல்லிக் கேட்டாலும்.

பிணை நின்றவருக்கும் இதே விடயம் தனியாக அறிவிக்கப்படுகிறது. நீங்கள் அவருக்கு விளக்கம் சொல்ல வேண்டிய தேவை இல்லை.

இன்று முதல் நிலுவைப் பட்டியல் படமாக எந்தக் குழுவுக்கும் போகாது. நிர்வாகக் கூட்டத்தில் அச்சுப் பிரதியாகக் கொடுத்து, கூட்டம் முடிய மீளப் பெறப்படும். குறிப்பு நிரல் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டுவிட்டது. வங்கியில் கட்டிய துண்டு உங்களிடம் இருந்தால் கொண்டு வாருங்கள். உங்கள் முன்னிலையிலேயே பதிந்து தருகிறோம். அலுவலகம் இன்று காலை 6 மணிக்கே திறந்திருக்கும்.

செயலாளர், தலைவர்